ஏறிய ரத்தம் மறுபடி இறங்கினால்: கொக்கிப்புழுவும் குழந்தைகளின் சோகையும்

"அக்கா, பாப்பாவுக்கு மறுபடியும் ரத்தம் குறைஞ்சிருச்சாம். ஆறு வாரம் விடாம இரும்பு மருந்து கொடுத்தேனே, அதெல்லாம் எங்கே போச்சு?"

நிபோங் திபால் பக்கத்திலிருந்து என் சின்னம்மா மகள் போன வருடம் போனில் கேட்டது இது. நான் பினாங்கில் ஒரு லேப்பில் இருபது வருடமாக ரத்தமும் மலமும் பார்க்கிறவள். எங்கே போச்சு என்று கேட்பதுதான் சரியான கேள்வி. முதல் தடவை மருந்து எழுதிக் கொடுத்தவர்கள் அதைக் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை எட்டு மாதம் வீணாக வெளிறிக் கிடந்திருக்காது.

பாப்பாவுக்கு ஏழு வயது, 19 கிலோ. முதலில் ஹீமோகுளோபின் 8.2 இருந்தது. ஆறு வாரம் சிரப் குடித்து 10.1 ஆனது. மருந்தை நிறுத்தி நாலு மாதம் கழித்துப் பார்த்தால் 8.4. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மருந்து வேலை செய்திருக்கிறது, உடம்பும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் ஏறினது எங்கேயோ வழிந்து போய்க்கொண்டிருக்கிறது.

ஒன்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்றைக்குக் கோலாலம்பூர், பினாங்கு நகரப் பிள்ளைகளுக்கு வரும் சோகையில் பெரும்பாலானதற்குச் சாப்பாடுதான் காரணம். எல்லாப் பிள்ளைக்கும் புழுவைத் தேடி ஓட வேண்டியதில்லை. தோட்டத்து ஓரமோ கம்பத்து வீடோ, நாய் பூனை நடமாடும் ஈரமான கொல்லை, வெறுங்காலோடு விளையாட்டு, ஏறி இறங்கும் ஹீமோகுளோபின், இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் கொக்கிப்புழுவை நினைக்க வேண்டும்.

ரத்தம் எப்படிப் போகிறது

கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டர் நீளம்தான், நூல் கனம். சிறுகுடலின் உள்சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். கடித்த இடத்தில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளையும் சுரக்கும். ஓர் இடத்திலேயே இருக்காது. விட்டுவிட்டு வேறு இடத்தில் கவ்வும். விட்டுப்போன இடமும் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டிருக்கும். அது குடித்தது பாதி, சிந்தியது பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கசிவு குடலில் வெகுதூரம் போவதற்குள் செரித்துவிடும். மலத்தில் சிவப்பு தெரியாது. மெதுவாகக் கசிவதால் பெரும்பாலும் தார் போலக் கறுத்தும் போகாது. "கக்கூஸ்ல ரத்தமே பார்க்கலையே" என்று அம்மாக்கள் சொல்வது உண்மைதான். பார்க்க முடியாது.

எவ்வளவு போகும்? நெக்காட்டர் என்ற வகைப் புழு ஒன்று ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.03 மில்லி ரத்தத்துக்குக் காரணமாகும். ஆன்சிலோஸ்டோமா டியோடினேல் என்ற வகை அதைப்போல ஐந்தாறு மடங்கு. கணக்குக்காக 80 நெக்காட்டர் என்று வைப்போம். ஒரு நாளைக்கு 2.4 மில்லி, அரை டீஸ்பூன். ஒரு மில்லி நல்ல ரத்தத்தில் 0.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆக, நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் இரும்பு குடலுக்குள் சிந்துகிறது. அதில் ஒரு பங்கைக் குடலே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், மீதி போய்விடும். சோறு, சாம்பார், தேநீர் என்று சாப்பிடுகிற ஏழு வயதுப் பிள்ளையின் குடல் உணவிலிருந்து ஒரு நாளில் எடுத்துக்கொள்வது அரை முதல் ஒரு மில்லிகிராம் வரைதான். வளர்ச்சிக்கு வேண்டியதும் அதிலிருந்தே வர வேண்டும். அரை டீஸ்பூன் என்பது சின்ன அளவாகத் தெரியும். வரவே அவ்வளவுதான் என்னும்போது அது வீட்டுச் சம்பளம் முழுவதும் கடனுக்குப் போவதைப் போல.

இதனால்தான் எத்தனை புழு என்பது முக்கியம். பத்துப் பதினைந்து புழு நல்லாச் சாப்பிடுகிற பிள்ளையை ஒன்றும் செய்யாமல் இருந்துவிடலாம். மலாயாவில் இதைப் புழுவை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். 1915 முதல் 1917 வரை ராக்கஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய டார்லிங், பார்பர், ஹாக்கர் என்ற மூன்று மருத்துவர்கள் இங்கே பூச்சி மருந்து கொடுத்து, வெளியே வந்த மலத்தை அலசிச் சலித்துப் புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். என் தொழிலில் இருப்பவளுக்கு அந்த வேலையின் பாடு தெரியும். நூறு வருடம் ஆகியும் அந்த எண்ணிக்கைக்கு மேலே மரியாதை குறையவில்லை.

பிள்ளை திடீரென்று விழுந்துவிடாது என்பதுதான் இதில் ஏமாற்றுகிற விஷயம். ரத்தம் வெளிறிக்கொண்டு போகப் போக, சிந்துகிற ஒவ்வொரு மில்லியிலும் இரும்பு குறைவாகவே இருக்கும். அதனால் ஒரு தாழ்ந்த மட்டத்தில் வந்து நின்றுவிடும். உடம்பும் பழகிக்கொள்ளும். 8 கிராமோடு பள்ளிக்கூடம் போய்வருவாள், விளையாடுவாள். கூர்ந்து பார்த்தால்தான் மற்றப் பிள்ளைகள் ஓடும்போது அவள் உட்கார்ந்திருப்பது தெரியும். பாப்பா ஐஸ்பெட்டியைச் சுரண்டி ஐஸ் தின்றுகொண்டே இருந்தாள். மண்ணும் சாம்பலும் தின்கிற பிள்ளைகளும் உண்டு. மண் தின்றதால் சோகை வந்தது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பெரும்பாலும் அது தலைகீழ்: இரும்புக் குறைவு வந்ததால்தான் அந்த ஆசையே வருகிறது.

முதல் படி: ரத்தச் சீட்டைப் படிப்பது

கிளினிக் கெசிஹாத்தானில் முழு ரத்தப் பரிசோதனை எடுத்தால் ஒரு சீட்டு வரும். அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 5 முதல் 11 வயது வரை ஹீமோகுளோபின் 11.5க்குக் கீழே இருந்தால் சோகை. 8க்குக் கீழே போனால் கடுமையானது என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது.

அடுத்து MCV என்ற வரி. அது சிவப்பணுவின் அளவு. பாப்பாவுக்கு 64. இந்த வயதில் 77க்குக் குறைந்தால் அணுக்கள் சிறுத்துவிட்டன என்று அர்த்தம். ஆனால் நம் நாட்டில் இங்கேதான் ஒரு சந்தி வருகிறது. தலசீமியா கூறு உள்ள பிள்ளைக்கும் அணுக்கள் சிறுத்தேதான் இருக்கும், அவர்களுக்கு இரும்புக் குறைவு இருக்க வேண்டியதில்லை. வழி பிரிக்க ஒரு சின்னக் கணக்கு உண்டு. MCV எண்ணை அதே சீட்டில் RBC என்று வரும் சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பாப்பாவுக்கு 64ஐ 4.2ஆல் வகுத்தால் 15. 13க்கு மேலே வந்தால் இரும்புக் குறைவின் பக்கம், கீழே வந்தால் தலசீமியாவின் பக்கம் சாயலாம். இது குறிப்புதான், தீர்ப்பு இல்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

தீர்த்துச் சொல்வது ஃபெரிட்டின். உடம்பின் இரும்புச் சேமிப்பை அது காட்டும். ஐந்து வயதுக்கு மேலே 15க்குக் குறைந்தால் சேமிப்பு காலி. பாப்பாவுக்கு 4. காய்ச்சலோ சளியோ இருக்கும்போது எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும். உடம்பு சரியான பிறகு எடுப்பது நல்லது.

சீட்டின் கடைசியில் ஈசினோஃபில் என்ற ஒருவகை வெள்ளணுவுக்கு ஒரு வரி, யாரும் கவனிப்பதில்லை. பாப்பாவுக்கு 14 சதவீதம். ஒவ்வாமை, ஆஸ்துமாவிலும் இது கூடும். ஆனால் ரத்தம் கசியும் சோகையோடு சேர்ந்து வந்தால் மலத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அந்த வரியைப் பார்த்ததும்தான் நான் அவளிடம், "நாளைக்கே டாக்டர்கிட்ட மலப் பரிசோதனை கேளு" என்றேன்.

இரண்டாம் படி: மலத்தைச் சரியாகக் கொடுப்பது

சொன்னால் சங்கடப்படுகிறார்கள், ஆனால் பாதிப் பரிசோதனைகள் கெடுவது இங்கேதான். லேப் தரும் மூடி போட்ட டப்பாவில் கொட்டைப்பாக்கு அளவு போதும். சிறுநீரும் கழிப்பறைத் தண்ணீரும் கலக்கக் கூடாது. சின்னப் பிள்ளை என்றால் சட்டியில் போகவைத்து எடுப்பது சுலபம். டப்பாவில் பெயரோடு தேதியும் எடுத்த நேரமும் எழுதுங்கள்.

நேரம் ஏன் என்றால், கொக்கிப்புழுவின் முட்டை காத்திருக்காது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு நாள் வெளியே கிடந்தால் உள்ளே இருக்கும் குஞ்சு பொரிந்துவிடும். அப்படி வந்த மாதிரியில் நெளிகிற குஞ்சுகளைப் பார்த்து வேறொரு புழுவோடு குழம்புவதும் உண்டு. சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். முடியாவிட்டால் ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறைய வைக்கக் கூடாது.

மைக்ராஸ்கோப்பில் அந்த முட்டை அழகானதுதான். நீள்வட்டம், கண்ணாடி போல மெல்லிய ஓடு, உள்ளே திராட்சைக் குலை மாதிரி நாலு முதல் எட்டு உருண்டைகள், ஓட்டுக்கும் அவற்றுக்கும் நடுவே தெளிவான ஒரு இடைவெளி. ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். ஆனால் தினமும் ஒரே அளவு முட்டை இறங்காது. ஒரு டப்பாவில் ஒன்றும் இல்லை என்று வந்தால் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வேறு வேறு நாளில் மூன்று மாதிரி கொடுக்க வேண்டும். பாப்பாவின் முதல் மாதிரியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் வந்தது.

பின்பக்கம் அரிக்கிறது என்று ராத்திரியில் அழுகிற பிள்ளைக்கு இருப்பது கீரிப்பூச்சி. அது வேறு புழு, ரத்தம் குடிக்காது. இனிப்பு தின்றால் பூச்சி வரும் என்பதும் சரியில்லை. எந்தப் புழுவும் சர்க்கரையிலிருந்து முளைப்பதில்லை.

மூன்றாம் படி: புழுவை வெளியேற்றுவது

என் சின்னம்மா மகள், "போன வருஷமே பூச்சி மாத்திரை கொடுத்தேனே" என்றாள். அட்டைப் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மெபெண்டசோல், ஒரே ஒரு வேளை.

பூச்சி மாத்திரை எல்லாம் ஒன்று கிடையாது. ஒரே வேளை மெபெண்டசோல் நாக்குப்பூச்சிக்கு நன்றாகக் கேட்கும். கொக்கிப்புழு உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்குக்கூட முழுதாகப் போகாது. ஒரே வேளை ஆல்பெண்டசோல் 400 மில்லிகிராம் பத்தில் ஏழெட்டுப் பேருக்குப் போக்கிவிடும். வீட்டில் மெபெண்டசோல்தான் இருக்கிறது என்றால் டாக்டர் மூன்று நாள் கணக்கில், காலையும் மாலையும் 100 மில்லிகிராம் என்று கொடுப்பார். அது ஒரே வேளையைவிட நன்றாக வேலை செய்யும்.

ஆல்பெண்டசோல் அளவு பிள்ளையின் எடையைப் பார்த்து மாறுவதில்லை. இரண்டு வயதுக்கு மேலே பெரியவர்களுக்கும் 400தான். ஒன்று முதல் இரண்டு வயது வரை 200. ஒரு வயதுக்குக் கீழே டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இருக்கும் அம்மாவும் சாப்பிடக் கூடாது. சின்னப் பிள்ளைக்கு மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். அழுகிற பிள்ளையின் மூக்கைப் பிடித்து வாயில் திணிப்பதை நான் பார்த்திருக்கிறேன். மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும், தயவுசெய்து செய்யாதீர்கள். லேசான வயிற்றுவலி, தலைவலி வரலாம், ஒரு நாளில் சரியாகும். புழு மலத்தில் வருகிறதா என்று தேட வேண்டாம், அவ்வளவு சிறியது கண்ணில் படாது.

இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி மலம் பார்க்க வேண்டும். பாப்பாவுக்கு மூன்றாவது வாரத்தில் முட்டை வெகுவாகக் குறைந்திருந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை. டாக்டர் இன்னொரு 400 கொடுத்தார். அதற்குப் பிறகு எடுத்த மாதிரிகள் சுத்தம். வீட்டில் எல்லோருடைய மலத்தையும் பார்த்ததில் நாலு வயதுத் தம்பிக்கும் இருந்தது. அவனுக்குச் சோகை இல்லை, ஆனாலும் அவனையும் விட்டுவைக்கக் கூடாது.

நாலாம் படி: இரும்பு

புழு போய்விட்டது, இனி கீரை கொடுத்தால் போதும் என்று பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். பாப்பாவின் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

19 கிலோ உடம்பில் ஏறத்தாழ 1.4 லிட்டர் ரத்தம். ஹீமோகுளோபினை 8.4லிருந்து 12.5க்குக் கொண்டுவர அந்த ரத்தத்துக்கு மட்டும் 190 மில்லிகிராம் இரும்பு கூடுதலாக வேண்டும். கசிவு நின்ற பிறகு சாப்பாட்டிலிருந்து நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் மிச்சமாகிறது என்று தாராளமாக வைத்தாலும், ஒரு வருடத்துக்கு மேலே ஆகும். அதற்குப் பிறகுதான் காலியான சேமிப்பை நிரப்பும் வேலையே தொடங்கும். படிக்கிற வயதில் ஒரு வருடத்தை அப்படிக் கழிக்க விட முடியாது.

மருந்தாகக் கொடுக்கும் அளவைத் தூய இரும்பின் கணக்கில் சொல்வார்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் என்பது ஒரு வழக்கம், 6 வரை கொடுக்கும் டாக்டர்களும் உண்டு. ஃபெரஸ் ஃபுமரேட் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் தூய இரும்பு 65 மில்லிகிராம்தான். மீதி அந்த உப்பின் மற்றப் பகுதி. 19 கிலோவுக்கு 3 வீதம் 57 என்பதால் பாப்பாவுக்கு டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதினார். சிரப்பில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். ஒரு மில்லியில் தூய இரும்பு எவ்வளவு என்று மருந்து கொடுப்பவரிடம் கேட்டுப் பாட்டிலின் மேலேயே எழுதி வாங்குங்கள். ரத்தம் ஏறாத பிள்ளைகளில் சிலருக்குக் காரணம், டீஸ்பூன் கணக்கில் பாதி அளவு போய்க்கொண்டிருப்பதுதான்.

வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறோடு கொடுத்தால் நன்றாக உறிஞ்சும். வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், நின்றுபோவதைவிட அது மேல். தேநீர்தான் நம் வீடுகளில் எதிரி. காலையில் மாத்திரையும் தேத்தாரேயும் ஒன்றாகப் போனால் இரும்பின் பெரும்பகுதியைத் தேநீர் பிடித்துக்கொள்ளும். பாலும் மைலோவும் அப்படியே. இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். சின்னம்மா வீட்டில் பாட்டி தன் டம்ளரிலிருந்து பேத்திக்குத் தேநீர் ஆற்றிக் கொடுப்பது வழக்கம். அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை, அதனால் மாத்திரையை இரவு படுக்கும் நேரத்துக்கு மாற்றினோம்.

மலம் கறுப்பாகும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கலும் வரும். சிரப் பல்லைக் கறுக்க வைக்கும். ஸ்ட்ரா வைத்துக் குடிக்கச் சொல்லி வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள். இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று: மாத்திரையைப் பூட்டி வையுங்கள். 10 கிலோ உள்ள குழந்தை இந்த மாத்திரை பத்தை மிட்டாய் என்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஐந்தாம் படி: ஏறுகிறதா, நிற்கிறதா

நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் முதலில் மருந்து உண்மையிலேயே வயிற்றுக்குள் போகிறதா, அளவு சரியா, தேநீரோடு போகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரி, ஆனாலும் ஏறவில்லை என்றால் தலசீமியாவையும் வேறு காரணங்களையும் டாக்டர் தேட வேண்டும். குடலில் கசிவுக்குப் புழு மட்டுமே காரணம் இல்லை. சாட்டைப்புழு நிறைய இருந்தாலும் கசியும், அதற்கு ஒரே வேளை ஆல்பெண்டசோல் சரியாகக் கேட்காது. பெரிய பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாயையும் கேட்க வேண்டும்.

பாப்பாவுக்கு நாலாம் வாரம் 10.4, பன்னிரண்டாம் வாரம் 12.2. பழைய கதை திரும்பக்கூடிய இடம் இதுதான். எண் சரியானதும் மருந்தை நிறுத்தினால் சேமிப்பு காலியாகவே இருக்கும், ஒரு சின்னக் கசிவுக்கும் தாங்காது. அதனால் இன்னும் இரண்டு மூன்று மாதம் கொடுத்தோம். நிறுத்தும்போது ஃபெரிட்டின் 38.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பது, முகமும் காலும் வீங்குவது, மலம் தார் போலப் போவதோ ரத்தம் கண்ணில் தெரிவதோ, இவை வந்தால் இந்தப் படிகளையெல்லாம் விட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆறாம் படி: கொல்லை

பாப்பாவின் பாட்டி வீடு செம்பனைத் தோட்டத்தை ஒட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். குளியலறைக்குப் பின்னால் வாழை மரங்கள், அடியில் எப்போதும் ஈரம். பழைய மலத்தொட்டியின் மூடி விரிசல் விட்டு மழைநாளில் வழிகிறது. அந்த வாழை நிழலில்தான் நாய் குட்டி போட்டிருந்தது, பாப்பா வெறுங்காலோடு அங்கேதான் கிடப்பாள். அவள் விரலிடுக்கில் அடிக்கடி அரிக்கும், சேற்றுப்புண் என்று மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள்.

மலத்தோடு விழும் முட்டை ஈர நிழல் மண்ணில் பொரிந்து, ஐந்து முதல் பத்து நாளில் தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வரும். சில வாரம் வரை உயிரோடு காத்திருக்கும். தோல் வழியாக ரத்தத்தில் ஏறி, நுரையீரல் போய், தொண்டைக்கு வந்து விழுங்கப்பட்டுக் குடலுக்குச் சேரும். முட்டை இடத் தொடங்க ஐந்து வாரம் அல்லது அதற்கு மேலே ஆகும்.

நாயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாய் பூனையில் இருக்கும் ஆன்சிலோஸ்டோமா செய்லானிக்கம் என்ற வகை மனிதக் குடலிலும் வளரக்கூடியது, மலேசியாவில் மனிதர்களிடமும் கண்டிருக்கிறார்கள். முட்டையைப் பார்த்து எந்த வகை என்று எங்களால் சொல்ல முடியாது, அதனால் தொட்டி, நாய் இரண்டையும் சரிசெய்தோம். நாயின் வேறொரு வகை தோலுக்கடியில் சிவப்புக் கோடாக நெளிந்து அங்கேயே செத்துப்போகும். அது அரிக்கும், ஆனால் சோகை தராது.

தொட்டி மூடியைச் சிமெண்ட் போட்டு அடைத்தார்கள். வாழையில் பாதியை வெட்டி வெயில் விழ விட்டார்கள், காய்ந்த மண்ணில் குஞ்சு பிழைக்காது. நாய்க்கும் குட்டிகளுக்கும் கால்நடை மருத்துவரிடம் பூச்சி மருந்து வாங்கினார்கள். பின்வாசலில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு ரப்பர் செருப்பு வைத்தாயிற்று. மருந்து முடிந்து ஆறு மாதம் கழித்து ரத்தமும் மலமும் மறுபடி பார்த்தோம். ஹீமோகுளோபின் 12.3, முட்டை இல்லை. தம்பியின் செருப்பு மட்டும் இன்னும் புதிதாகவே இருக்கிறது என்று சின்னம்மா மகள் சொன்னாள், அவனுடைய மலத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.